மூன்று மணிச் சர்க்கரை

என் தங்கை வீட்டுக்காரன் சந்துருவைப் பற்றி யார் கேட்டாலும் நல்லவன் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். எந்த வேலையையும் இன்னொருவர் செய்ய விடமாட்டான். நேரில் பார்த்தால் மாப்பிள்ளை, நீங்கள், வாங்க என்று மரியாதையாகத்தான் பேசுவேன். எழுதும்போது அவன் இவன் என்று வருகிறது, வரட்டும்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, யாரோ ஒருவரின் ஜூஸ் கடையில் கிளாஸ் கழுவி, பழம் நறுக்கி, கடைசியில் சரஸ்வதிபுரத்தில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே சொந்தமாகக் கடை போட்டவன். கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. நான் இரண்டு தெரு தள்ளி ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் அவனை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஜூஸ் கேட்டால் கூடவே ஓர் ஆலோசனையும் கிடைக்கும், அதற்குக் காசு வாங்க மாட்டான். சளியா, ஐஸ் வேண்டாம். வாயுவா, இஞ்சி போடுகிறேன். அப்பாவுக்குச் சுகரா, அவரைச் சப்போட்டா பக்கமே விடாதே. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கிளாசில் சர்க்கரைப் பாகு ஊற்றுவான். ஊருக்கெல்லாம் பாகு ஊற்றுகிறவன் வீட்டிலேயே சர்க்கரை வந்து உட்கார்ந்ததுதான் வேடிக்கை.

என் தங்கை தாரணிக்கு அது ஆறாம் மாதம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நூற்று நாற்பதுக்குக் கீழே இருக்கவேண்டியது நூற்று ஐம்பத்தெட்டு இருந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை, பயப்பட ஒன்றுமில்லை, முதலில் சாப்பாட்டைச் சரிசெய்து பார்ப்போம் என்று டாக்டரம்மா சொல்லி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் பெயர் ஜோதிமணி. சொந்த ஊர் கொள்ளேகால். நாங்கள் பேசியதைக் கேட்டதும் கன்னடத்தைக் கீழே வைத்துவிட்டு நம் பேச்சுக்கு வந்துவிட்டார்.

என்ன சாப்பிடுகிறாய் என்று தாரணியைத்தான் கேட்டார். பதில் சொன்னது சந்துரு. சோற்றையே நிறுத்திவிட்டேன் மேடம், ராத்திரிக்கு ராகிக் களி முத்தைதான், ராகிக்குத்தான் கணக்கே கிடையாதே என்றான். எவ்வளவு பெரிய உருண்டை என்று கேட்டார். இரண்டு கையையும் குவித்துக் காட்டினான், அதில் இரண்டு. ஜோதிமணி பேனாவைக் கீழே வைத்தார். ராகியும் மாவுச்சத்துதான், அந்த ஓர் உருண்டையே ஒரு வேளைக்கு மேல் வரும் என்றார். எங்கள் பக்கத்தில் ராகியைக் குறை சொல்வதும் குலதெய்வத்தைக் குறை சொல்வதும் ஒன்று. சந்துரு முகம் சுருங்கிப்போனான்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். மாவுச்சத்தை நிறுத்தக்கூடாது, பிரிக்கவேண்டும். பிள்ளைக்கும் தாய்க்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நூற்று எழுபத்தைந்து கிராமுக்குக் குறையக்கூடாது. காலையில் சர்க்கரை சட்டென்று ஏறும், அதனால் காலைக்குத்தான் குறைவு, இரண்டு இட்லி போதும், கூட முட்டையோ சுண்டலோ. மதியத்துக்கும் ராத்திரிக்கும் ஒரு கப் சோறோ, சின்ன முத்தை ஒன்றோ, பருப்பு, காய், தயிரோடு. நடுவில் மூன்று முறை சின்னத் தீனி. அதில் படுக்கப் போகும் முன் உள்ளதை விடவே கூடாது, விட்டால் ராத்திரி முழுக்க வயிறு காய்ந்துபோகும். எடை வாரத்துக்கு நானூறு கிராம் போல ஏறவேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் மிஷினில் வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்று இருபதுக்குக் கீழே. நாளுக்கு நான்கு முறை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இவ்வளவுதான்.

இவ்வளவையும் சந்துரு போனில் படம் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அதை மேம்படுத்தினான். வேளைக்கு நாற்பத்தைந்து கிராம் மாவுச்சத்து நல்லது என்றால் இருபது இன்னும் நல்லதுதானே என்பது அவன் கணக்கு. சோறு போயிற்று. முத்தை போயிற்று. ராத்திரித் தீனி, அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா சொல்வது என்று போயிற்று. மதியத்துக்கு ஒரே ஒரு சப்பாத்தி, பருப்பு, மீதி வெள்ளரிக்காய். மிஷின் வாங்கினான், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, ஊசிக்கு ஒரு டப்பா, ஊசியைப் போட இன்னொரு டப்பா, சமையலறையில் ஒரு தராசு. அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். விரலைக் குத்துவதும் அவன்தான். அவள் குத்திக்கொண்டால் ஆழம் சரியாக வராதாம்.

வெறும் வயிற்றில் எண்பத்திரண்டு, எண்பத்தைந்து. காலை இட்லிக்குப் பிறகு நூற்றைந்து. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நூறு. எல்லாம் அழகாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்குப் பார்ப்பது மட்டும் இருநூறைத் தொட்டது. ஒருநாள் நூற்றுத் தொண்ணூற்றாறு, ஒருநாள் இருநூற்றுப் பதினெட்டு. அரை வயிற்றுக்கு ஒரு சப்பாத்தி தின்றவளுக்கு இருநூற்றுப் பதினெட்டு!

சந்துரு வேறு எப்படி யோசிப்பான்? மதியம் இவன் கடையில் இருக்கிறான். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். மாம்பழ சீசன், கூடை கூடையாகப் பழம் பின்கட்டில் கிடக்கிறது. கணக்கு முடிந்தது. முதலில் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு சிரிக்காமல் கேட்டான். தாரணி இல்லவே இல்லை என்றாள். அவன் பழக்கூடைகளைக் கடைக்குள் மாற்றினான், பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டான். அப்போதும் இருநூறு. பக்கத்து வீட்டு தேவம்மாவிடம், யாராவது இவளுக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னான். தேவம்மாவும் ஜன்னலிலேயே குடியிருந்து பார்த்துவிட்டு, ஒருநாள் ராணியக்கா ஒரு தூக்கோடு வந்தாள் என்று சொல்லிவைத்தாள். ராணியக்கா நான்தான். தூக்கில் இருந்தது மோர். வேலிக்கு ஓணான் சாட்சி.

அதோடு விட்டானா? ஹனூருக்குப் போன் போட்டு எங்கள் அம்மாவிடமே சொல்லிவிட்டான். உங்கள் பெண் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் அத்தை, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்கக்கூடாது என்று. அம்மா அன்றைக்கு முழுக்க அழுதுவிட்டுத் தாரணிக்குப் போன் செய்தாள். வயிற்றுப் பிள்ளைக்காக வாயைக் கட்டக்கூடாதா சாமி என்று கேட்டாள். தாரணி என் வீட்டுக்கு வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பசியில் கண் உள்ளே போயிருந்தது. கர்ப்பிணிக்குப் பசிக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். அவள் பசிக்கு அழவில்லை. அம்மா அதை நம்பிவிட்டாள் அக்கா என்றுதான் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

இடையில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. மாம்பழக் கூட்டம், கடையை விட்டு வரமுடியாது என்று சந்துரு கணக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். எண்கள் போயின, எடை போகவில்லை. டாக்டரம்மா எண்களைப் பார்த்துவிட்டு, உடனே நேரில் வாருங்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்சுலின் தொடங்க வேண்டியிருக்கும் என்று பதில் அனுப்பினார். அந்த இன்சுலின் என்ற சொல்லைக் கேட்டதும் சந்துருவுக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தது. கிளம்பும்போது தாரணியைப் பார்த்து, இப்ப சந்தோசமா என்று கேட்டான். நானும் கூடப் போனேன். இவர்கள் இருவரையும் தனியாக அனுப்ப எனக்குத் துணிவில்லை.

கடையிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தான். தோளில் அந்தப் பச்சைத் துண்டு. அது இல்லாமல் அவனைக் கல்யாண போட்டோவில் மட்டும்தான் பார்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடை பார்த்தார்கள். நான்கு வாரத்துக்கு முன் ஐம்பத்தேழு கிலோ. ஒன்றரைக் கிலோவாவது ஏறியிருக்க வேண்டியவள் ஐம்பத்தாறுக்கு இறங்கியிருந்தாள். சிறுநீரில் கீட்டோன் வந்தது. உடம்புக்கு மாவுச்சத்து போதாமல் தன் கொழுப்பையே எடுத்து எரிக்கிறது என்று அர்த்தமாம். ஸ்கேனில் பிள்ளை கொஞ்சம் சிறிதாக இருந்தது. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்சுலினுக்கு எழுதும் முன் ஜோதிமணி ஒருமுறை எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தார்.

ஜோதிமணி முதலில் எடையைப் பார்த்தார், பிறகு சாப்பாட்டைக் கேட்டார், கடைசியில்தான் சர்க்கரைக் கணக்கை எடுத்தார். நேரம் நேரமாக விரலை ஓட்டிப் பார்த்தவர், மூன்று மணிக் கட்டத்தில் நிறுத்தினார். எல்லா நாளும் ஏறியிருந்தது, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அதே சப்பாத்திதான் என்றாள் தாரணி.

சந்துரு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். இதற்குத்தானே காத்திருந்தான்.

“செவ்வாக்கெழம கடை லீவுங்க மேடம். நான் ஊட்ல கண்ணு முன்னாடியே உக்காந்திருப்பன். திருட முடியாதில்லீங்?”

ஓர் ஆஸ்பத்திரி அறையில், வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு, ஒருவன் இப்படி அக்கறையோடு சாட்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிமணி அவனை மறுத்துப் பேசவில்லை. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தெனமும் திருடித் தின்னவளுக்கு எட ஏறணுமே தம்பி. எறங்கியிருக்குதே?”

சந்துரு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். அவன் போனில் பார்த்த வீடியோக்களில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரம்தான். கொண்டுவந்ததை இங்கேயே சாப்பிடட்டும் என்றார் ஜோதிமணி. தாரணி டப்பாவைத் திறந்தாள். ஒரு சப்பாத்தி, பருப்பு, வெள்ளரிக்காய். அவர் அதைப் பார்த்துவிட்டு கேன்டீனிலிருந்து ஒரு கப் சோறும் பொரியலும் தயிரும் வரவழைத்தார். சப்பாத்தியைச் சந்துருவிடம் கொடுத்துவிட்டு, சோற்றைத் தாரணி முன் வைத்தார். சோறா, மேடம், மூன்று மணிக்கு முந்நூறு காட்டும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது என்று சந்துரு எழுந்தே நின்றுவிட்டான். காட்டட்டும், ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறோம் என்றார் அவர். தாரணி கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், என் முகத்தை அவள் பார்க்கவேண்டாம் என்று.

இரண்டு மணி நேரமும் அவள் எங்கள் கண்ணெதிரே பெஞ்சில்தான் இருந்தாள். யாரும் மாம்பழம் கொடுக்கவில்லை. நேரமானதும் நர்ஸ் வந்து கையிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். பிறகு ஜோதிமணி, வீட்டில் எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே, ஒன்றும் மாற்றாமல் செய்யுங்கள் என்று சந்துருவிடம் சொன்னார்.

அவன் பையைத் திறந்து எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தான். கல்யாணத்துக்கு மணவறை ஜோடிப்பவன் கூட அவ்வளவு நேர்த்தியாகச் செய்யமாட்டான். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து தாரணியின் விரலை மூன்று முறை துடைத்தான். ஸ்பிரிட் ஈரத்தோடு குத்தினால் கணக்குத் தப்பும், அது காயவேண்டும், எல்லோரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். காயும் வரை காத்திருக்கக் கடைக்காரனுக்கு ஏது நேரம்? தோள் துண்டை எடுத்து விரலை நன்றாகத் துவட்டினான். குத்தினான், மாட்டுக் காம்பை நீவுவதுபோல் நீவினான், சொட்டை எடுத்தான். மிஷின் இருநூற்றுப் பதினான்கு காட்டியது.

“பாத்தீங்களா?” என்றான். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது, அதைவிடப் பெருமை அதிகம் இருந்தது.

தாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணெதிரில் உட்கார்ந்திருந்தும் இருநூற்றுப் பதினான்கு என்றால், இனி யார் அவளை நம்புவார்கள்? ஜோதிமணி அசையவில்லை. தாரணியை வாஷ்பேசினுக்கு அனுப்பி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அங்கே இருக்கும் காகிதத்தில் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். சந்துருவையும் கழுவச் சொன்னார். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்பிரிட்டை விடப் பச்சைத் தண்ணீர் சுத்தமா என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினான். அதே மிஷின், அதே டப்பாவிலிருந்து ரத்தச் சொட்டை வைக்கும் இன்னொரு பட்டை, வேறு விரல். குத்தியவனும் அவனே. நூற்றுப் பதினொன்று.

மிஷின் கெட்டுவிட்டது என்றான். மறுபடி பார்த்தான். நூற்றெட்டு. பேட்டரி என்றான். அதற்குள் லேபிலிருந்து கணக்கு வந்தது. கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் நூற்றாறு. சோறு தின்றும் நூற்றாறு.

ஜோதிமணி கையை நீட்டி அந்தத் துண்டைக் கேட்டார். சந்துரு கொடுத்தான். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நானும் முகர்ந்தேன். மாம்பழம், சப்போட்டா, பாகு, அவன் கடையே அதில் இருந்தது. அப்புறம் அவர் சொன்னதைத்தான் நாங்கள் மூவரும் கேட்டோம். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், ஆனால் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரையைச் சரியாகப் போக்காது, தண்ணீரும் சோப்பும்தான் போக்கும். இவர் துடைத்ததே இந்தத் துண்டில். மூன்று மணிக்குக் கடையில் கூட்டம், பழம் நறுக்கிய கையோடு ஓடிவந்து குத்தியிருக்கிறார். காலையில் கடை இன்னும் திறந்திருக்காது, ராத்திரி குளித்துவிட்டு வருகிறார், செவ்வாய் லீவு. அப்போதெல்லாம் கணக்குச் சரி. இத்தனை நாள் மிஷின் அளந்தது தாரணியின் ரத்தத்தை மட்டும் அல்ல, சந்துருவின் கடையையும் சேர்த்து.

இந்தக் கணக்கை நம்பி இன்சுலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான்தான் கேட்டேன். இன்சுலின் கெட்ட மருந்து கிடையாது, தேவைப்படும் தாய்மாருக்கு அதுதான் காப்பு என்றார் அவர். அரைப் பட்டினியில் இருக்கிறவளுக்கு, இல்லாத சர்க்கரைக்காகப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்திருப்பாள். இவளுக்குக் கர்ப்பச் சர்க்கரை இல்லை என்று அர்த்தமும் இல்லை, இருக்கிறது, அடங்கியிருக்கிறது. இப்போது இவளுக்கு வேண்டியது மருந்தில்லை, சோறு. டாக்டரம்மாவும் வந்து பார்த்துவிட்டு, இன்சுலினைத் தள்ளிவைத்தார். கை கழுவிப் பார்த்த கணக்கோடு ஒரு வாரத்தில் வரவேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன்.

சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் பதற வேண்டாம். சோறும் ராத்திரித் தீனியும் வயிற்றுக்குள் போனதும் எடை ஏறத் தொடங்கியது, பிள்ளையும் வளர்ந்தது. ஊசி இல்லாமலே கடைசி வரை ஓடிவிட்டது. பெண் பிள்ளை, நன்றாக இருக்கிறாள், அப்பன் மாதிரியே எல்லாவற்றிலும் தலையிடுகிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வரும் முன் நடந்ததைத்தான்.

சந்துரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் அகராதியில் இல்லை. தண்ணீரில் சர்க்கரை கரையும், ஸ்பிரிட்டில் கரையாது, இது அறிவியல், யாருக்குத் தெரியும் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தான். தாரணி எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதிரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அப்போதும் உயரவில்லை.

“ஏனுங். அம்மாகிட்ட நாந் திருடுறன்னு நீங்கதான சொன்னீங்? இல்லன்னும் நீங்களே சொல்லுங்க. இப்பவே, எல்லாரும் கேக்கறாப்ல.”

அவன் என்னைப் பார்த்தான். நான் மேஜை மேலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜோதிமணி எதையோ எழுதிக்கொண்டிருந்தார், எழுதாமலே. வேறு வழியில்லாமல் போனை எடுத்தான், ஸ்பீக்கரில் போட்டான். அம்மா எடுத்ததும், அத்தே, ஒரு முக்கியமான விசயம் என்று தொடங்கினான். ஸ்பிரிட்டில் தொடங்கினான், துண்டுக்குப் போனான், லேபுக்குப் போனான், நூற்றாறு, நூற்றெட்டு, நூற்றுப் பதினொன்று என்று எல்லா எண்ணையும் சொன்னான். நடுவில் எங்கேயோ, அவ ஒண்ணும் எடுத்துத் திங்கலீங்க, தப்பு எம்மேலதான் என்பதும் வந்தது. அவ்வளவு வேகமாக வந்து போனதால் தாரணி அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னான்.

மறுபக்கத்தில் அம்மா இதையெல்லாம் முழுதாகக் கேட்டாளா என்று தெரியவில்லை. எண் என்றாலே அவளுக்குப் பஸ் நம்பர்தான்.

“அதெல்லாங் கெடக்கட்டும் மாப்பள. எம்புள்ள வவுறு நெறயச் சாப்ட்டாளா?”

“இன்னைக்குச் சாப்ட்டாளுங்க அத்தே.”

கட்டாகிவிட்டதோ என்று சந்துரு போனைக் காதருகே கொண்டுபோனான்.

“அப்ப நேத்து?” என்றாள் அம்மா.

நான்கு வாரத்துக்கும், நாளுக்கு நான்கு வேளைக் கணக்கு அவன் போனில் இருந்தது. வயிறு நிறைந்ததா என்று ஒரு கட்டம் அதில் இல்லை. போனைத் தாரணியிடம் நீட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.